சாச்சுரேஷன் இறங்கும்போது: வார்டு ஒத்திகைக் காட்சி

டர்பன் செவிலியர் மாணவர்கள், மூன்றாம் ஆண்டு. காட்சிக்கு 15 நிமிடம், அப்புறம் பேச 25 நிமிடம்.

ஆசிரியருக்கு முதலில்

நோயாளி தனலட்சுமி பிள்ளை, 72 வயது, சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்தவர். படுக்கையில் பொம்மை இருக்கும். குரல் கொடுப்பது திரைக்குப் பின்னால் நீங்கள். தனலட்சுமி ஆயா தமிழில்தான் பேசுவார். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் காதில் விழும், வாயில் வராது. கூட நிற்கும் ஜூலு மாணவிக்கு ஒரு சொல்லும் புரியாது. அது அப்படியே இருக்கட்டும், வார்டும் அப்படித்தான் இருக்கிறது. நான் மாணவியாக இருந்தபோது ஒரு பாட்டி இரவெல்லாம் "மூச்சு முட்டுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வலி என்று நினைத்து மாத்திரை கொடுத்தார்கள். அதனால்தான் இந்தக் காட்சியை எழுதினேன்.

வேடங்கள்: பொறுப்புச் செவிலியர், துணைச் செவிலியர், மகள் (ஒரு மாணவி நடிக்கலாம்), பார்வையாளர் ஒருவர். டாக்டரின் போன் குரலும் உங்களுடையதே.

சாமான்கள்: ஆக்சிமீட்டர், நேசல் குழாய், சாதா மாஸ்க், பை வைத்த மாஸ்க், ஃப்ளோமீட்டர், கண்காணிப்புத் தாள், கைக்கடிகாரம். ஆயாவின் விரல்களில் சிவப்பு நகப்பூச்சு இருக்க வேண்டும். பை வைத்த மாஸ்க்கின் குழாயை ஃப்ளோமீட்டரில் மாட்டாமல் கட்டிலுக்கு அடியில் தொங்க விடுங்கள். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஷிப்ட் ஒப்படைப்பு (மாணவர்களுக்கு வாசிக்கவும்)

"ஆயா வலது இடுப்பு எலும்பு முறிந்து, பாதி மூட்டு மாற்று அறுவை முடிந்து இரண்டாம் நாள். சர்க்கரை, பிரஷர் உண்டு. ஆஸ்துமா இல்லை, புகை பிடித்ததில்லை, நுரையீரல் நோய் எதுவும் இல்லை, மருந்து அலர்ஜியும் இல்லை. வலிக்கு மார்ஃபின் போகிறது, கடைசி டோஸ் மதியம் 1 மணிக்கு. 2 மணிக்கு மூச்சு 20, சாச்சுரேஷன் காற்றில் 95, நாடி 92, பிரஷர் 128/74, சூடு 37.8. மத்தியானம் சாப்பிடவில்லை, இருமல் லேசாக இருக்கிறது. இப்போது மாலை 6.30."

0 முதல் 4 நிமிடம்

மகள் வார்டு மேசைக்கு வருகிறாள்.

மகள்: சிஸ்டர், அம்மா ஒரு மாதிரியா இருக்காங்க. பேச்சே கொடுக்க மாட்டேங்கிறாங்க.

ஆயா (ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி): கண்ணு... மூச்சு... முட்டுது.

மானிட்டரில்: சாச்சுரேஷன் 91, நாடி 108. பிரஷரை அளந்தால் 118/70, சூடு 38.4. மூச்சு எண்ணிக்கையைத் திரையில் காட்டாதீர்கள். மாணவர் மார்பைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினால் மட்டும் "26" என்று சொல்லுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினாலும் சொல்லலாம். எண்ணாமல் "18" என்று எழுதுபவருக்கு எதுவும் சொல்லாதீர்கள், தாளில் அந்த 18 அப்படியே நிற்கட்டும்.

எதிர்பார்ப்பது: கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவார்கள். ஆனால் புதிய இடுப்பு, 90 பாகைக்கு மேல் மடிக்கக் கூடாது. தலையணையால் தாங்கிச் சாய்வாக உட்கார வைக்க வேண்டும். ஆக்சிமீட்டரை நகப்பூச்சு இல்லாத இடத்துக்கு, காது மடலுக்கோ கால் விரலுக்கோ மாற்றிப் பார்ப்பார்கள். நேசல் குழாயில் நிமிடத்துக்கு 4 லிட்டர் தொடங்குவார்கள். ஆக்சிஜன் ஒரு மருந்துதான், எழுதி வாங்க வேண்டியதுதான். ஆனால் அவசரத்தில் கையெழுத்துக்குக் காத்திருக்கும் மருந்து அல்ல.

நோயாளி மோசமாவதைக் காட்டும் நியூஸ் 2 மதிப்பெண் இப்போதே 8: மூச்சு 3, சாச்சுரேஷன் 3, நாடி 1, சூடு 1. 7 வந்தாலே அவசர அழைப்பு. "91 தானே, 90-க்குக் கீழே இறங்கட்டும்" என்று காத்திருக்கும் குழுவைத் தடுக்காதீர்கள்.

4 முதல் 9 நிமிடம்

மானிட்டர்: சாச்சுரேஷன் 86, நாடி 122. பிரஷர் 104/62. எண்ணினால் மூச்சு 32.

ஆயா: தம்பி எங்கே... பஸ்ஸுக்கு நேரமாச்சு... (நேசல் குழாயைப் பிடுங்குகிறார்)

மகள்: அம்மா இப்படிப் பேசவே மாட்டாங்க!

குழப்பம் வந்தது முக்கியமான மாற்றம். "வயசாச்சு, அப்படித்தான்" என்று எந்த மாணவராவது சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பை வைத்த மாஸ்க், 15 லிட்டர். மாட்டியதும் பை உப்ப வேண்டும். குழாய் கழன்றிருப்பதால் அது சப்பையாகவே கிடக்கும். பையைப் பார்க்கும் மாணவர் குழாயைத் தேடி மாட்டுவார். பார்க்காதவர் மாஸ்க்கை இன்னும் இறுக்குவார். குழாயை மாட்டி, பையை நிரப்பி முகத்தில் வைத்தால் மூன்று நிமிடத்தில் 93 வரை ஏற்றுங்கள். மாட்டாவிட்டால் 82-க்கு இறக்குங்கள். ஆயா பதில் சொல்வதை நிறுத்துவார்.

ஆறாம் நிமிடம் வரை யாரும் போன் செய்யாவிட்டால் மகள் சத்தமாக: "யாரையாவது கூப்பிடுங்களேன்!"

போன் பேச்சு இந்த வரிசையில் இருக்க வேண்டும்:

மாணவர்: டாக்டர், எலும்பு வார்டிலிருந்து பேசுகிறேன். தனலட்சுமி பிள்ளை, 72, மூச்சுத் திணறல். சாச்சுரேஷன் 15 லிட்டரில் 88. இடுப்பு அறுவைக்கு இரண்டாம் நாள், நுரையீரல் நோய் இல்லை. மூச்சு 32, நாடி 122, பிரஷர் 104/62, சூடு 38.4, புதிதாகக் குழப்பம். நிமோனியாவோ நுரையீரலில் ரத்தக் கட்டியோ என்று பயப்படுகிறேன். உடனே வர வேண்டும்.

டாக்டர்: வலது நுரையீரலின் அடியில் சத்தம் எப்படி?

மாணவர்: காற்று குறைவு, கரகரப்பு கேட்கிறது.

டாக்டர்: பத்து நிமிடத்தில் வருகிறேன். ஊசி வழி இருக்கிறதா பாருங்கள், ரத்தக் கல்ச்சர், ரத்த வாயு, ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே தயார் செய்யுங்கள். சாச்சுரேஷன் இலக்கு 94 முதல் 98.

மாணவர் இதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் "என்ன எழுதினீர்கள்?" என்று கேளுங்கள். ஒருவர் போனில் இருக்கும்போது மற்றவர் ஆயாவின் பக்கத்தை விட்டு நகரக் கூடாது.

9 முதல் 15 நிமிடம்

93-க்கு வந்துவிட்டால் காட்சியை மெதுவாக்குங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லா அளவையும் தாளில் ஏற்ற வேண்டும். ஆயா கண் திறந்து, "தண்ணி கொடு கண்ணு" என்பார். மாஸ்க்கை எடுத்துவிட்டுக் கொடுக்க யாராவது ஓடினால் சாச்சுரேஷனை 87-க்கு இறக்குங்கள். வாயை நனைத்தால் போதும். இந்த மூச்சில் விழுங்கினால் புரையேறும்.

பேசும் நேரம்

முதல் ஐந்து நிமிடம் பேச்சு மாணவருடையது. "எப்போது உங்களுக்குப் பயம் வந்தது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் 86-ஐப் பார்த்தபோது என்பார்கள். ஆனால் ஆயா ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது அதற்கு நான்கு நிமிடம் முன்பே. மூச்சு எண்ணிக்கைதான் முதலில் மாறும், அதைத்தான் நாம் கடைசியில் எழுதுகிறோம்.

மார்ஃபின் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். மூச்சு 32 என்பதால் இது மார்ஃபின் அல்ல. இதே ஆயாவுக்கு மூச்சு 8, கண்மணி ஊசிமுனை அளவு என்றால் எதைக் கையில் எடுப்பீர்கள்? நலோக்சோன் என்ற பதில் வரும்வரை விடாதீர்கள். 40 வருடம் புகைத்து நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்த தாத்தாவாக இருந்தால் இலக்கு 88 முதல் 92. ஏன் என்று அவர்களே விளக்கட்டும்.

தோல் பற்றியும் பேச வேண்டும். கறுத்த தோலில் ஆக்சிமீட்டர் சில நேரம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்று 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று சொன்னது. நம் வார்டுகளில் படுத்திருப்பவர்கள் பெரும்பாலும் யார்? 92 என்று திரை சொல்லி, முகம் வேறு சொன்னால் ரத்த வாயு பார்க்கச் சொல்வது மாணவரின் உரிமை.

கடைசியாக ஜூலு மாணவியிடம் கேளுங்கள்: "மூச்சு முட்டுது என்றதும் உனக்கு என்ன தெரிந்தது?" சொல் புரியாமலே கழுத்துத் தசை இழுப்பதையும் மூக்கு விரிவதையும் அவள் கண்டிருந்தால், அதைக் குழு முழுவதும் கேட்கும்படி அவளையே விரிவாகச் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்த குழு வருவதற்குள் நகப்பூச்சு அழிந்திருக்கிறதா பார்த்துத் திரும்பப் போடுங்கள், குழாயைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் விடுங்கள்.