களக்குறிப்பு: மூடிய ரசிகர் குழு, 15 முதல் 23ஆம் நாள் வரை

நாள் 15, இரவு 10.40

ஆய்வுக்காக நான் இங்கே பார்த்துக் குறிப்பெடுக்கிறேன், வேண்டாதவர் சொல்லலாம் என்ற அறிவிப்பைக் குழுவின் உச்சியில் பின் செய்து வைத்து மூன்று நாளாகிறது. எழுதியது நான், வழிமொழிந்தது அட்மின் (இனி இவர் ஆந்தை, தொடரின் பெயரையும் எழுதப்போவதில்லை, பாதியில் நின்றுபோன விண்வெளித் தொடர் என்பது போதும்). என்னைத் தவிர 214 பேர். 41 பேர் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள். 3 பேர் "என்னை விட்டுவிடுங்கள்" என்றார்கள், அதில் ஒருவர் தனிச்செய்தியில், கொஞ்சம் காட்டமாகவே. மீதி 170 பேரிடமிருந்து சத்தமே இல்லை.

"யாரும் ஒண்ணும் சொல்லலியே, ஆரம்பிங்க" என்கிறார் ஆந்தை. அவருக்கு இது வெட்டிப் பயமாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கதவைத் திறந்துவிடலாம், ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்காகத் தலையாட்டும் உரிமையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அந்த 170 பேரில் எத்தனை பேர் அறிவிப்பைப் பார்த்தார்கள் என்பதே தெரியாது. மற்ற குழுக்களில் பின் செய்து வைத்ததை நானே படித்ததில்லை. ஆகவே முடிவு: பேசாமல் இருந்தவர் மறுத்தவர். அவர்கள் எழுதுவது என் குறிப்பில் வராது.

நாள் 16, ஞாயிறு இரவு

கூட்டாகப் பார்க்கும் இரவு. சரியாக 9 மணிக்கு ஆந்தை 3, 2, 1 என்று எண்ண, எல்லாரும் அவரவர் திரையில் ஒரே நேரத்தில் ஓடவிடுகிறார்கள். ஒரே நேரம் என்று பெயர்தான். யாராவது ஒருவருக்கு நாலு விநாடி முந்தி ஓடும், நகைச்சுவை வருவதற்கு முன்னாலேயே அவர் சிரித்துவைப்பார், உடனே "டேய் முந்திரிக்கொட்டை" என்று பத்துப் பேர் பாய்வார்கள். இந்தக் குழுவில் 'முந்திரி' ஒரு பதவி, வாராவாரம் கைமாறும். இன்று பதவி பெற்றவர் மைனா (கட்டைவிரல் போட்டவர்). திட்டு வாங்கியதில் அவருக்கு ஏக சந்தோஷம், தன் பெயருக்குப் பக்கத்தில் முந்திரிப் படம் வைத்துக்கொண்டார்.

9.17. மாலுமி கப்பலின் கதவைத் தானே வெளிப்பக்கமிருந்து பூட்டும் காட்சி. அதுவரை நிமிடத்துக்கு முப்பது நாற்பது என்று கொட்டிக்கொண்டிருந்த செய்திகள் அப்படியே நின்றுவிட்டன. 'எழுதுகிறார்' என்ற குறியைக்கூடக் காணோம். என் கடிகாரத்தில் 38 விநாடி. பிறகு யாரோ ஒரு முற்றுப்புள்ளியை மட்டும் அனுப்பினார். அதன் கீழே இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. மொத்தம் 26 புள்ளிகள், ஒரு எழுத்துகூட இல்லை. புள்ளிகள் ஓய்ந்ததும் மைனா "சரி, மூக்கைத் துடைங்க" என்றார், பேச்சு மறுபடி கிளம்பியது.

நான் வந்ததிலிருந்து பார்த்ததில் இதுதான் உச்சம். எழுதிவைத்த பிறகுதான் உறைத்தது: புள்ளி போட்ட 26 பேரில் சம்மதம் தந்தவர்கள் 11 பேர்தான். புள்ளியும் பேச்சுதானே? எண்ணிக்கையால் யாரும் காட்டிக்கொடுக்கப்படுவதில்லை என்று இப்போதைக்கு 26ஐ விட்டுவைக்கிறேன், ஆனால் 15ஆம் நாள் நான் போட்ட விதியை மறுநாளே நான்தான் வளைத்திருக்கிறேன். நெறியாளரிடம் கேட்க வேண்டும்.

நாள் 17

மாலுமி செத்தாரா இல்லையா என்று இரண்டு மணிநேரச் சண்டை. பேசியவர்கள் ஒன்பது பேர், நான் குறித்துக்கொள்ளக்கூடியவர்கள் நாலு பேர். படித்துப் பார்த்தால் போனில் ஒரு பக்கம் மட்டும் கேட்கிற மாதிரி இருக்கிறது. "அதெல்லாம் முடியாது" என்கிறார் மைனா, எதற்கு முடியாது என்பது என் குறிப்பில் இல்லை. முழுச் சண்டையும் நினைவில் இருக்கிறது, அதுதான் தொல்லை. கையை நிறுத்தலாம், கண் படித்ததைப் படிக்காததாக்க முடியுமா.

நாள் 18, நள்ளிரவு தாண்டி

[முதல் பத்தியை நாள் 23இல் நீக்கினேன்.]

தொடரைப் பற்றி ஆரம்பித்தவர் வேறெங்கோ போய்விட்டார். அவர் கட்டைவிரல் போட்ட 41 பேரில் ஒருவர், காகித அளவில் எனக்குத் தடையில்லை. ஆனால் அந்த நேரத்தில் நான் இருக்கிறேன் என்பது அவர் நினைவில் இருந்திருக்காது. தனியுரிமை ஆய்வாளர் ஹெலன் நிசென்பாம் 2004இல் சொன்னது இதற்குத்தான் பொருந்துகிறது: ஒரு தகவல் பொதுவா தனிப்பட்டதா என்பதல்ல கேள்வி, அது எந்தச் சூழலில் எந்த எதிர்பார்ப்போடு சொல்லப்பட்டது, அதை மீறி எங்கே கொண்டுபோகிறோம் என்பதே. அந்த உறுப்பினர் சொன்னது ஆய்வேட்டுக்கு அல்ல, விழித்திருந்த ஏழெட்டுப் பேருக்கு. காலையில் தனிச்செய்தியில் கேட்கப்போகிறேன்.

நாள் 20

சோதனை. என் குறிப்பிலிருந்து ஒரு வரியை எடுத்துக் குழுவின் தேடல் பெட்டியில் போட்டேன். ஒரே விநாடியில் எழுதியவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் வந்து நின்றன. வெளியாள் தேட முடியாது என்பதை இத்தனை நாள் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். மூடிய குழுவில் பயப்பட வேண்டிய வாசகர் உள்ளே இருப்பவர்தான். மைனா யார் என்று அவர்களுக்கு அரை வரியில் தெரிந்துவிடும்.

பெயரை மாற்றினால் போதும் என்பவர்களுக்கு 2008 கதையைச் சொல்லலாம். ஒரு கல்லூரி மாணவர்களின் ஃபேஸ்புக் தரவைப் பெயர் நீக்கி ஆய்வுக்காக வெளியிட்டார்கள். கூட இருந்த விவரக்குறிப்பை வைத்தே அது ஹார்வர்ட் என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். இணையச் சமூகங்களை ஆராயும் ஏமி புரூக்மன் 2002இலேயே மறைப்பில் படிநிலைகள் உண்டு என்றார், லேசான மாறுவேடத்திலிருந்து அடையாளமே தெரியாத மாறுவேடம் வரை. இணைய ஆய்வு முறைகள் பற்றி எழுதும் அனெட் மார்க்கம் இன்னும் போய், பலர் பேச்சைக் கலந்து புதிதாய் ஒன்றைப் புனைவதும் நேர்மையான வழிதான் என்று 2012இல் வாதிட்டார். எனக்கு முழு உடன்பாடில்லை. "மூக்கைத் துடைங்க" என்பதை வேறு சொற்களில் எழுதினால் அந்த இரவே போய்விடும். ஆனால் மாற்றாமல் விட்டால் மைனா போய்விடுவார். மாற்றித்தான் ஆக வேண்டும். மேலே இருப்பதும் அவர் எழுதிய அதே சொற்கள் அல்ல, இன்றைக்கு மாற்றியதுதான்.

நாள் 21

என் பிழை. போன வாரம் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள், நான் யார் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, நானும்தான். ஆறு நாள். அவர்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லைதான், ஆனாலும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் செய்தி அனுப்பினேன். ஒருவர் பரவாயில்லை என்றார், மற்றவர் குழுவை விட்டே போய்விட்டார். ஆந்தை என்னை ஒன்றும் சொல்லவில்லை, வரவேற்புச் செய்தியில் ஒரு வரி சேர்த்தார்: இங்கே ஓர் ஆய்வாளர் இருக்கிறார், வேண்டாமென்றால் சொல்லலாம். அதை முதல் நாளே நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

நாள் 23, ஞாயிறு மாலை

அந்த நள்ளிரவுக்காரர் பதில் போட்டிருக்கிறார். "அந்த ராத்திரிய மட்டும் எடுத்துக்காதீங்க. மத்ததெல்லாம் ஓகே. முந்திரி பத்தி கண்டிப்பா எழுதுங்க."

நாள் 18இன் முதல் பத்தியை அழித்தேன், மறுபிரதியிலும். அவருக்கு வைத்திருந்த பறவைப் பெயரையும் அங்கிருந்து எடுத்துவிட்டேன், இல்லையென்றால் மற்ற பக்கங்களோடு சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்தப் பதிலையாவது குறித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஒரு சிரிப்புப் படம் வந்தது. சிரிப்புப் படத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா? மறுபடி கேட்டேன்.

"ஆமா சாமி, எழுதுங்க. 9 மணிக்கு வந்துருங்க."