ஒரே ஆண்டுச் சந்தாவுக்கு இரண்டு முறை பணம் பிடித்தது: ஒரு தொகையைத் திருப்பித் தருமாறு கோரிக்கை

நாள்: 27 மார்ச் 2025

அனுப்புநர்:
ச. வெண்ணிலா
வாடிக்கையாளர் எண்: 5504-7718

பெறுநர்:
மேலாளர், கட்டணப் பிரிவு

பொருள்: INV-20871, INV-20934 ஆகிய இரண்டு ரசீதுகள் தொடர்பாக

ஐயா / அம்மா,

உங்கள் ஆன்லைன் ஆவணச் சேமிப்புச் சேவையின் தனிநபர் ஆண்டுத் திட்டத்தில் நான் சந்தாதாரர். இந்த ஆண்டுக்கான சந்தாவை என் அட்டையிலிருந்து இரண்டு முறை பிடித்திருக்கிறீர்கள். முதலில் மார்ச் 9 அன்று 119.00, அப்புறம் மார்ச் 11 அன்று மறுபடியும் 119.00. இரண்டாவதாகப் பிடித்த தொகையை முழுவதுமாகத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். உங்கள் தளத்தில் பதிவாகியிருந்த என் பழைய அட்டை பிப்ரவரியோடு காலாவதியானது. அதனால் மார்ச் 9 காலையில் தானாக நடக்க வேண்டிய புதுப்பிப்பு நடக்கவில்லை. பணம் எடுக்க முடியவில்லை, புதிய அட்டையைப் பதிவு செய்து உடனே கட்டணம் செலுத்துங்கள் என்று உங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அன்று மாலையே, அந்த மின்னஞ்சலில் இருந்த இணைப்பு வழியாகப் போய், 4416 என்று முடியும் புதிய அட்டையைப் பதிவு செய்து பணம் கட்டினேன். INV-20934 என்ற ரசீது சில நிமிடங்களில் வந்து சேர்ந்தது. கணக்குப் பக்கத்திலும் சந்தா 8 மார்ச் 2026 வரை செல்லும் என்று காட்டியது. என் பக்கத்து வேலை அதோடு முடிந்துவிட்டது.

மார்ச் 11 அதிகாலையில் அதே புதிய அட்டையிலிருந்து மீண்டும் 119.00 போயிற்று. இதற்கான ரசீது INV-20871. எண்ணைக் கவனியுங்கள்: பின்னால் பிடித்த பணத்துக்கு முந்தைய எண். மார்ச் 9 காலையில் தோல்வியடைந்த புதுப்பிப்புக்காக உருவான பழைய ரசீது மூடப்படாமல் நிலுவையிலேயே இருந்திருக்கிறது, உங்கள் மென்பொருள் தன் வழக்கப்படி மறுமுயற்சி செய்து, இப்போது செல்லுபடியாகும் அட்டை கிடைத்ததும் பணத்தை எடுத்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. உள்ளே என்ன நடந்தது என்பதை நீங்கள்தான் பார்க்க முடியும். ஆனால் எண்களின் வரிசை இதைத்தான் சொல்கிறது.

உங்கள் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். முதலில் கிடைத்த பதில், இது தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்ட தொகை, சில நாட்களில் தானாக விடுவிக்கப்படும் என்பது. அப்படி நடப்பது உண்டு என்று எனக்கும் தெரியும், அதனால் பொறுத்திருந்தேன். ஆனால் மார்ச் 14 அன்றே இரண்டு தொகைகளும் நிலுவைப் பட்டியலிலிருந்து நகர்ந்து, முடிந்த பரிவர்த்தனைகளாக என் அட்டை அறிக்கையில் தனித்தனிக் குறிப்பு எண்களோடு பதிவாகிவிட்டன. இனி தானாக விடுவிக்கப்பட அங்கே எதுவும் இல்லை.

இதைச் சொன்ன பிறகு வந்த பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. இரண்டு ரசீதுகளுக்கும் எண் வேறு வேறாக இருப்பதால் இதை இரட்டைக் கட்டணமாகக் கருத முடியாது என்று எழுதியிருந்தார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ரசீது எண் உங்கள் மென்பொருள் தன் வசதிக்காகப் போட்டுக்கொள்வது. நான் பணம் கட்டுவது எண்ணுக்காக அல்ல, ஓராண்டுச் சேவைக்காக. இரண்டு ரசீதுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒரே வாடிக்கையாளர் எண், ஒரே திட்டம், ஒரே தொகை. சேவைக் காலம் என்ற இடத்தில் இரண்டிலும் 9 மார்ச் 2025 முதல் 8 மார்ச் 2026 வரை என்றே இருக்கிறது. இரண்டும் முறையான கட்டணங்கள் என்றால் என் சந்தா 2027 மார்ச் வரை நீண்டிருக்க வேண்டும். அல்லது என் பெயரில் இன்னொரு கணக்காவது திறந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஒரே பன்னிரண்டு மாதங்களை எனக்கு இரண்டு தடவை விற்றிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கூடுதல் தொகையை அடுத்த ஆண்டுக்கு வரவு வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே பதிலில் ஒரு யோசனை இருந்தது. நன்றி, வேண்டாம். அடுத்த ஆண்டும் தொடர்வேனா என்பதை அப்போதுதான் முடிவு செய்வேன். எடுத்த பணம் எடுத்த அட்டைக்கே திரும்பி வரட்டும்.

திருப்பித் தரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். திரும்ப வர வேண்டியது மார்ச் 11 அன்று INV-20871-இன் பேரில் பிடித்த தொகை. மார்ச் 9 அன்று நான் கட்டியதை, அதாவது INV-20934-ஐ, தயவுசெய்து தொடாதீர்கள். அதை ரத்து செய்தால் சந்தாவே நின்றுபோகக்கூடும். என் ஆவணங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இரண்டு தொகையும் ஒன்றாக இருப்பதால் எதைத் திருப்பினால் என்ன என்று யாராவது நினைத்துவிடக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

என்னை இன்னும் அதிகமாக உறுத்துவது அடுத்த ஆண்டு. கணக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சந்தாதான் தெரிகிறது. ஆனால் உங்கள் கட்டண மென்பொருளுக்குள் இரண்டு புதுப்பிப்பு அட்டவணைகள் ஓடிக்கொண்டிருந்தால், 2026 மார்ச்சில் இதே கதை திரும்ப நடக்கும். இப்போது பணத்தை மட்டும் திருப்பித் தந்துவிட்டு அந்த வேரை விட்டுவைத்தால் பயனில்லை. எனவே INV-20871-ஐ உருவாக்கிய பழைய அட்டவணை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நீக்கிவிட்டு, நீக்கியதை எழுத்தில் தெரிவியுங்கள்.

ரசீதில் உள்ள 119.00-க்குள் வரியும் அடங்கும். அதனால் பணத்தைத் திருப்பும்போது வரியையும் சேர்த்துக் காட்டும் வரவுக் குறிப்பு ஒன்று எனக்கு வேண்டும். பணம் அனுப்பிய பிறகு, வங்கியில் அதைத் தேட உதவும் பரிவர்த்தனைக் குறிப்பு எண்ணையும் தெரிவியுங்கள். அனுப்பிவிட்டோம் என்று நீங்களும், வரவில்லை என்று வங்கியும் சொல்லி, நடுவில் நான் அலையும் நிலை வேண்டாம்.

ஏப்ரல் 11-க்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். அதற்குள் தீர்வு வராவிட்டால் என் அட்டை வங்கியில் மறுப்பு மனு கொடுப்பேன். அது விசா அட்டை. விசா விதிகளில் ஒரே பரிவர்த்தனையை இரண்டு முறை செயல்படுத்துவதற்கு 12.6.1 என்று தனிக் காரணக் குறியீடே இருக்கிறது. பரிவர்த்தனை செயலாக்கப்பட்ட நாளிலிருந்து 120 நாட்கள் அவகாசமும் உண்டு. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வங்கி வழியாகப் போனால் உங்களுக்கும் செலவு, எனக்கும் காத்திருப்பு. நேரடியாக முடித்துக்கொள்வதே இரு தரப்புக்கும் எளிது. நீங்கள் பணத்தைத் திருப்ப ஒப்புக்கொண்டால் அதே தொகைக்கு வங்கியில் மனு கொடுக்கமாட்டேன் என்பதையும் இங்கேயே எழுதித் தருகிறேன்.

இந்தப் பிரச்சினை முடியும் வரை என் கணக்கை முடக்கவோ திட்டத்தைக் குறைக்கவோ வேண்டாம். இந்த ஆண்டுக்கான பணம் முறைப்படி கட்டப்பட்டிருக்கிறது.

இரண்டு ரசீதுகள், இரண்டு பற்றுகளும் பதிவான அட்டை அறிக்கையின் பக்கம் (தொடர்பில்லாத வரிகளை மறைத்திருக்கிறேன்), மார்ச் 9 அன்று நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், சந்தா முடியும் தேதி தெரியும் கணக்குப் பக்கத்தின் படம், உதவிப் பிரிவுடன் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். முழு அட்டை எண்ணை மின்னஞ்சலில் அனுப்பமாட்டேன். கடைசி நான்கு இலக்கங்களும் ரசீது எண்களும் உங்களுக்குப் போதும் என்று நினைக்கிறேன். வேறு ஏதாவது விவரம் தேவைப்பட்டால், கணக்கில் பதிவாகியிருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ச. வெண்ணிலா