29.09.2025 நேர்காணலுக்கு வேறு நாள் கோருதல்: சுற்றுச்சூழல், பாதுகாப்பு அலுவலர் பணி

மின்னஞ்சல், 24.09.2025, புதன்கிழமை, காலை 7.40

பெறுநர்: மனிதவளப் பிரிவு மேலாளர், சேதராப்பட்டு ஆலை, புதுச்சேரி

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழல், பாதுகாப்பு அலுவலர் பணிக்கு வருகிற 29ஆம் தேதி திங்கட்கிழமை காலை 10.30 மணிக்கு நேர்காணலுக்கு வரச்சொல்லி நேற்று மாலை அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. என் விண்ணப்பத்தைப் பார்த்து அழைத்ததற்கு நன்றி. இந்த வேலைக்கு வர வேண்டும் என்ற என் விருப்பம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் நான் இப்போது வேலை பார்க்கும் ஆலையை விட்டு வெளியே வர முடியாது. நேர்காணலை அக்டோபர் முதல் வாரத்துக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்கவே எழுதுகிறேன்.

காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் சுற்றுச்சூழல் பிரிவில் இருக்கிறேன். 2025 மார்ச் 31இல் முடிந்த நிதியாண்டுக்கான சுற்றுச்சூழல் அறிக்கை, அதாவது ஃபார்ம் 5, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போய்ச்சேர வேண்டிய கடைசி நாள் செப்டம்பர் 30. தங்கள் ஆலைக்கும் இதே நாள்தான் என்பதால் அந்த வாரத்து நெருக்கடியைத் தாங்கள் அறிவீர்கள். கடைசி நாளன்று இணையதளம் திணறினால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டிவரும் என்பதால், எங்கள் ஆலையில் 29ஆம் தேதியே பதிவேற்றிவிடுவது என்று முடிவாகியிருக்கிறது.

அன்று காலை 10 மணிக்கு ஆலைத் தலைவர் அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் பார்த்துக் கையெழுத்திடுகிறார். உற்பத்திக்கு, குளிர்விப்புக்கு, குடிநீர் மற்றும் கழிவறைக்கு என்று நாளொன்றுக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் செலவானது என்ற அட்டவணையையும், வெளியேற்றப்பட்ட மாசு நிர்ணயித்த அளவிலிருந்து எத்தனை சதவீதம் மாறுகிறது, ஏன் மாறுகிறது என்ற பகுதியையும் தயாரித்தது நான். மீட்டர் பதிவேடும் அபாயக் கழிவு ரிஜிஸ்டரும் என் பொறுப்பில் இருக்கின்றன. ஓர் எண்ணில் சந்தேகம் வந்தால் எந்த மாதத்துப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று அந்த இடத்திலேயே காட்ட வேண்டும். ஆய்வகத்தின் கடைசி முடிவுகள் 26ஆம் தேதி மாலைதான் கைக்கு வருகின்றன. அதனால் இந்த வேலையை முன்கூட்டி முடித்துவைக்கவும் வழியில்லை.

அரை நாள் விடுப்பு எடுக்கலாமா என்றும் யோசித்தேன். 10.30க்கு சேதராப்பட்டில் இருக்க வேண்டுமென்றால் முதுநகரிலிருந்து 8 மணிக்காவது கிளம்ப வேண்டும். நேர்காணல் முடிந்து ஆலைக்குத் திரும்ப மதியம் 3 மணியாகிவிடும். அதற்குள் கையெழுத்து வேலை முடிந்திருக்கும், அல்லது நான் இல்லாமல் நின்றுபோயிருக்கும். உடம்பு சரியில்லை என்று இங்கே ஒரு பொய் சொல்லிவிட்டு அங்கே வந்து உட்கார எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு வசதியான நேரங்கள்: அக்டோபர் 3 வெள்ளிக்கிழமை முழு நாளும் வர முடியும். 1ஆம் தேதி ஆயுத பூஜை, 2ஆம் தேதி காந்தி ஜெயந்தி என்பதால் அதையொட்டி வெள்ளிக்கிழமையும் தங்கள் ஆலைக்கு விடுமுறையாக இருந்தால், 4ஆம் தேதி சனிக்கிழமை காலை 9.30க்குப் பிறகு எப்போது சொன்னாலும் வருகிறேன். 6ஆம் தேதி திங்கட்கிழமை என்றால் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு முடியும். தேர்வுக் குழுவில் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இருந்து, 29ஐ மாற்றவே முடியாது என்றால், அன்று மாலை 7 மணிக்கு மேல் காணொளி வழியாகக் கலந்துகொள்ள முடியும். நேரில் வந்து ஆலையைப் பார்த்துப் பேசுவதுதான் என் விருப்பம். இந்த வேலைக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைக் கண்ணால் பார்க்காமல் பேசுவது அரைகுறையாகத்தான் இருக்கும்.

26ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் நாள் தெரிந்தால் இங்கே முறைப்படி விடுப்பு எழுதிக்கொடுக்க வசதியாக இருக்கும். விண்ணப்பத்தில் உள்ள என் கைபேசியில் மதியம் 1 முதல் 1.30 வரையிலும், மாலை 6 மணிக்கு மேலும் பேசலாம். ஒரு வேண்டுகோள்: நான் வேறு வேலைக்கு முயல்வது இங்கே யாருக்கும் தெரியாது. எனவே ஆலையின் தொலைபேசிக்கோ அலுவலக மின்னஞ்சலுக்கோ தொடர்புகொள்ள வேண்டாம்.

வேலையில் சேர 60 நாள் நோட்டீஸ் தேவை என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். இந்த மாற்றத்தால் அது நீளாது. கல்விச் சான்றிதழ்கள், அனுபவச் சான்று, கடைசி 3 மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை ஒரே பிடிஎஃப் கோப்பாக இத்துடன் இணைத்திருக்கிறேன். சரிபார்க்கும் வேலையை இப்போதே முடித்துவிட்டால் அன்று நேரம் மிச்சமாகும்.

போட்டு வைத்த ஏற்பாட்டை மாற்றச் சொல்வது தங்களுக்கு எவ்வளவு சிரமம் என்பது தெரியும். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
தமிழரசி
முதுநகர், கடலூர்

வாட்ஸ்அப், அதே நாள், மதியம் 1.05

வணக்கம் மேடம். கடலூரிலிருந்து தமிழரசி. 29ஆம் தேதி நேர்காணலுக்கு வேறு நாள் கேட்டு இன்று காலை மெயில் அனுப்பியிருக்கிறேன். அன்று எங்கள் ஆலையில் ஃபார்ம் 5 கையெழுத்து, என்னால் நகர முடியாது. அக்டோபர் 3, 4 அல்லது 6 மதியம் எதுவானாலும் வருகிறேன். மெயில் ஸ்பேமுக்குப் போயிருந்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள் மேடம். நன்றி.

பதில், 25.09.2025, வியாழக்கிழமை, மாலை 4.20

வணக்கம் தமிழரசி. மெயில் பார்த்தேன். எங்களுக்கும் அந்த இரண்டு நாள் அதே ஓட்டம்தான், முன்கூட்டியே சொன்னது நல்லதாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. 4ஆம் தேதி சனிக்கிழமை காலை 11 மணிக்கு வந்துவிடுங்கள். டெக்னிக்கல் ஹெட் சென்னையிலிருந்து வருகிறார், மதியம் 2 மணிக்குக் கிளம்பிவிடுவார், அதனால் தாமதம் கூடாது. முதலில் 20 நிமிடம் எழுத்துத் தேர்வு. ஒரிஜினல் சர்டிபிகேட் எடுத்து வாருங்கள். உள்ளே வர மூடிய ஷூ அவசியம், செருப்பு, சாண்டல் போட்டு வந்தால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

மின்னஞ்சல், 25.09.2025, மாலை 6.30

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 4, சனிக்கிழமை காலை 11 மணி, சேதராப்பட்டு ஆலை என்று குறித்துக்கொண்டேன். இவ்வளவு சீக்கிரம் மாற்றித் தந்ததற்கு மிக்க நன்றி. கேட்டில் பதிவு செய்து தேர்வுக்கு உட்கார நேரம் வேண்டுமே என்பதால் 10.30க்கே வந்துவிடுகிறேன். அசல் சான்றிதழ்களும் ஆதார் அட்டையும் கையில் இருக்கும். பாதுகாப்பு ஷூ என்னுடையதையே போட்டு வருகிறேன். டெக்னிக்கல் ஹெட் 2 மணிக்குக் கிளம்ப வேண்டியிருப்பதால், சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்ப்பது அவருடன் பேசி முடித்த பிறகு இருந்தாலும் எனக்குச் சம்மதம். அன்று மாலை வரை எனக்கு வேறு வேலை இல்லை.

இதற்கிடையில் தங்கள் பக்கம் நேரம் மாறினால் அக்டோபர் 3 வெள்ளிக்கிழமை இரவுக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதும்.

தமிழரசி