தீபாவளி விடுமுறையும் ஆர்டர் கொடுக்கக் கடைசி நாளும்: மாவு மில் வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு

ஜெலுத்தோங், பினாங்கு
5 அக்டோபர் 2026, திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இவ்வாண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதனை முன்னிட்டு நமது மாவு மில் நவம்பர் 7, சனிக்கிழமை முதல் நவம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை வரை மூடப்பட்டிருக்கும். நவம்பர் 16, திங்கட்கிழமை காலை 9 மணிக்கு மீண்டும் திறப்போம். தீபாவளிக்கான ஆர்டர்களை அக்டோபர் 31, சனிக்கிழமை மாலை 6 மணி வரை மட்டுமே ஏற்றுக்கொள்வோம். நீங்களே கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து அரைத்துச் செல்லும் மிளகாய், மல்லி, அரிசிக்கும், எங்களிடமே பொருள் வாங்கி அரைத்துத் தரச் சொல்லும் கறித்தூள், முறுக்கு மாவு, நெய் உருண்டை மாவுக்கும் இந்தத் தேதி பொருந்தும். வெளியூர்களுக்கு அனுப்ப வேண்டியவற்றுக்கும் அதிரச மாவுக்கும் உள்ள தனி ஏற்பாடுகளைக் கீழே எழுதியிருக்கிறோம். அவற்றையும் அருள்கூர்ந்து படிக்கவும்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே ஆர்டரை நிறுத்துவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். நமது கடையில் இருப்பது ஒரே ஒரு மில். அதில் எல்லாவற்றையும் எல்லா நாளும் கலந்து அரைக்க முடியாது. மிளகாய் அரைத்த கல்லில் அடுத்ததாக முறுக்கு அரிசியைப் போட்டால் மாவு இளஞ்சிவப்பாக வருவதோடு, முறுக்கைக் கடிக்கும் குழந்தைக்கு நாக்கும் எரியும். ஆகவே கடைசி வாரத்தில் முதலில் அரிசி, உளுந்து, பாசிப்பருப்பு ஆகிய மாவு வகைகளை முடித்து, அதன் பிறகு மஞ்சள், மல்லி, சீரகம், சோம்பு என்று வந்து, மிளகாயையும் கறித்தூளையும் இறுதியில் அரைப்போம். நவம்பர் 1, 2 ஆகிய இரு நாட்களும் மாவுக்கு உரியவை. நவம்பர் 3, 4 ஆகிய இரு நாட்களும் மசாலாவுக்கு உரியவை. மிளகாய்க்கு மாறிய பிறகு, “இரண்டே கிலோ பச்சரிசிதான், சற்று அரைத்துக் கொடுங்கள்” என்று கேட்பவருக்காகக் கல்லைக் கழற்றித் துடைத்து, வெறும் அரிசியை ஓட்டிக் காரத்தை எடுத்து, திரும்பவும் முதலில் இருந்து தொடங்க இயலாது. நெடுநாள் வாடிக்கையாளர்களும் இதில் எங்களுக்கு ஒத்துழைப்புத் தர வேண்டுகிறோம்.

இந்த மாதங்களில் பினாங்கில் மழைக்குக் குறைவிருக்காது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. காலையில் வெயிலைப் பார்த்து மொட்டை மாடியில் பரப்பிய மிளகாயை மதியத்திற்குள் அள்ளி ஓடிவர வேண்டியிருக்கும். ஆனாலும் ஈரம் போகாத மிளகாயை நாங்கள் அரைக்க மாட்டோம். அது கல்லில் பசையாகப் படிந்து சூடேறி, தூளின் நிறத்தைக் கருக்கிவிடும். தப்பித் தவறி அரைந்து வந்தாலும் இரண்டே வாரத்தில் டின்னுக்குள் கட்டி தட்டும். கடைக்குக் கொண்டுவருவதற்கு முன் ஒரு மிளகாயை எடுத்துக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே விதை கலகலவென்று ஒலிக்க வேண்டும். காம்பை வளைத்தால் துவளாமல் ‘பட்’டென்று ஒடிய வேண்டும். மல்லியை விரல் நகத்தால் அழுத்தினால் நசுங்காமல் இரண்டாக உடைய வேண்டும். வெயில் வாய்க்காதவர்கள் வாணலியில் மிகச் சிறு தீயில், கருகாமல், கை பொறுக்கும் சூட்டில் வறுத்துக் கொண்டுவரலாம். விரலி மஞ்சளை முழுதாகப் போடாதீர்கள். இடித்துச் சிறு துண்டுகளாக்கிக் கொண்டுவந்தால் கல்லுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. கல், ஆணி, மோதிரம் ஏதேனும் உள்ளே கிடக்கிறதா என்று முறத்தில் ஒருமுறை புடைத்துப் பார்த்துவிடவும். மோதிரம் என்று எழுதியது விளையாட்டுக்காக அன்று.

புரட்டாசி விரதத்தில் இருக்கும் பலர், இறைச்சிப் பிரட்டல் மசாலாவையும் மீன் கறித்தூளையும் ஐப்பசி பிறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறார்கள். அப்படி எல்லாரும் ஒரே நேரத்தில் வருவதால்தான் மாதக் கடைசியில் கடை வாசலில் கூட்டம் நிற்கிறது. அந்தத் தூள்களில் மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு, மிளகு, பட்டை, கிராம்பு, ஏலக்காய் போன்றவை மட்டுமே சேர்கின்றன. அசைவம் ஏதும் அதில் கிடையாது. எனவே இப்போதே அரைத்து வைத்துக்கொள்வதில் விரதத்திற்கு யாதொரு குறையும் வராது என்பது எங்கள் கருத்து. நன்கு காய்ந்து அரைபட்ட தூள் சில மாதங்களுக்குக் கெடாமல் இருக்கும். இந்த வாரமே வருபவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அன்றே அரைத்து வாங்கிச் செல்லலாம்.

அதிரச மாவுக்கு முன்பதிவு மிகவும் அவசியம். ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலாகப் பரப்பி, ஈரப்பதம் இருக்கும்போதே அரைக்கும் மாவு அது. கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும். அன்றைக்கு அரைத்ததை அன்றைக்கே பாகில் போட்டாக வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் புளித்துப் போகும். ஈர மாவு கல்லில் ஒட்டும் என்பதால், நவம்பர் 1, 2 ஆகிய இரு நாட்களில் காலை 7 மணி முதல் 8.30 மணி வரை, வேறு எதையும் தொடங்குமுன் இதை மட்டும் அரைப்போம். ஞாயிறு அல்லது திங்கள் காலையில் மாவு பிசைந்து வைத்தால், வெள்ளிக்கிழமை சுடும்போது மாவு நன்றாகப் பக்குவப்பட்டிருக்கும். இரு நாட்களில் எந்த நாள், எத்தனை கிலோ என்பதை அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள். அரிசியை எங்களையே ஊறவைக்கச் சொல்பவர்கள் அக்டோபர் 29, வியாழக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டும். நவம்பர் 2-ஆம் தேதி காலை 8.30 மணிக்குப் பின் எவ்வளவு கேட்டாலும் அதிரச மாவு அரைப்பதற்கில்லை.

வெளியூர் வாடிக்கையாளர்களின் கவனத்திற்கு: கோலாலம்பூர், கிள்ளான், ஈப்போ, ஜொகூர் என்று தீபகற்பத்திற்குள் கூரியரில் பெற விரும்புபவர்கள் அக்டோபர் 26, திங்கட்கிழமைக்குள்ளும், சபா, சரவாக்கில் இருப்பவர்கள் அக்டோபர் 19, திங்கட்கிழமைக்குள்ளும் ஆர்டரையும் பணத்தையும் அனுப்பிவிட வேண்டும். பெருநாள் சமயத்தில் பொட்டலங்கள் தேங்குவது வழக்கம். எங்கள் கையை விட்டுப் போன பிறகு அவற்றை விரைவுபடுத்த எங்களுக்கு வழியில்லை. ஈரமான அதிரச மாவைக் கூரியரில் அனுப்புவதில்லை. பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் இருப்பவர்களுக்கு நவம்பர் 5, வியாழக்கிழமை மாலை என் வீட்டுக்காரரே வேனில் கொண்டுவந்து கொடுப்பார். இந்த ஒரு நடைதான் உண்டு. பாலத்தில் நெரிசல் எப்படியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், நேரத்தை அன்று மதியம் வாட்சப்பில் தெரிவிப்போம்.

ஆர்டரை இந்த வாட்சப் எண்ணிலேயே அனுப்பலாம். பெயர், பொருள், கிலோ, நைசாக வேண்டுமா சற்றுக் கரகரப்பாக வேண்டுமா, என்று வந்து எடுப்பீர்கள் ஆகியவற்றை ஒரே செய்தியில் எழுதினால் குழப்பம் இராது. குரல் பதிவு அனுப்புவதைத் தவிர்க்க வேண்டுகிறோம். மில் ஓடும் சத்தத்தில் ஐந்து கிலோவா ஒன்பது கிலோவா என்று எங்கள் காதில் சரியாக விழுவதில்லை. எங்கள் பொருளில் அரைத்துக் கேட்பவர்கள் பாதித் தொகையை முன்பணமாகச் செலுத்த வேண்டும். டியூட்நவ், டச் என் கோ, வங்கிப் பரிமாற்றம், ரொக்கம் எதுவானாலும் சரி. பணம் கட்டிய ரசீதின் படத்தை அனுப்பிய பிறகே ஆர்டர் உறுதியாகும். அரைப்புக் கூலி சென்ற ஆண்டு இருந்தபடியே, மாவு வகைக்குக் கிலோவுக்கு 2 ரிங்கிட், மிளகாய் மசாலாவுக்குக் கிலோவுக்கு 3 ரிங்கிட். பண்டிகைக்காகக் கூட்டவில்லை. பத்துக் கிலோவுக்கு மேல் கேட்கும் பலகார வியாபாரிகளும் சமையல் குத்தகைக்காரர்களும் அக்டோபர் 24, சனிக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் பொருள் வாங்கி வைக்க எங்களுக்கு வசதியாக இருக்கும்.

அரைத்து முடித்த பொருட்களை நவம்பர் 5, வியாழக்கிழமையும் நவம்பர் 6, வெள்ளிக்கிழமையும் காலை 9 மணி முதல் இரவு 7 மணி வரை வந்து பெற்றுக்கொள்ளலாம். அவ்விரு நாட்களும் மில் ஓடாது. அலமாரியில் இருக்கும் மஞ்சள் தூள், சோம்புத் தூள், இடியாப்ப மாவு போன்றவை மட்டும் இருக்கும் வரையில் விற்பனைக்கு உண்டு. அக்கம்பக்கத்துச் சீன, மலாய்க் குடும்பங்களும் அந்நேரத்தில் அச்சு முறுக்குக்கும் கறிக்கும் வாங்க வருவார்கள் என்பதால், கூட்டம் பிடிக்காதவர்கள் வியாழன் காலையிலேயே வந்துவிடுவது உத்தமம். கடை எதிரில் இரண்டாம் வரிசையில் காரை நிறுத்தாமல், சந்தைப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வரவும்; பக்கத்துப் பட்டறைக்காரர் பொறுமைசாலிதான், ஆனாலும் அவருக்கும் வண்டியை வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. வெள்ளி இரவு 7 மணிக்குள் எடுக்காத பொருட்களை நவம்பர் 16-ஆம் தேதிதான் எடுக்க முடியும். கடை சாவி எங்களோடு தைப்பிங்கிற்கு வந்துவிடும்.

வாங்கிச் சென்ற தூள் கைக்குச் சூடாக இருந்தால் உடனே டின்னில் அடைக்க வேண்டாம். நாளிதழின் மேல் வெள்ளைத் துணி விரித்து, விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில் பரப்பி, நன்றாக ஆறிய பின் அடைக்கவும். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து அந்த நீர் தூளிலேயே சொட்டும்.

பண்டிகைக்கு மறுநாளான நவம்பர் 9-ஆம் தேதியும் பினாங்கில் பொது விடுமுறை. அதற்கு மேலும் ஒரு வாரம் மூடுவதற்குக் காரணம், பல மாதங்களாக ஓடித் தேய்ந்த கல்லைக் கொத்த வேண்டியிருப்பதுதான். கொத்துகிறவர் நவம்பர் 11-ஆம் தேதி வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கொத்திய கல்லில் முதலில் தவிட்டையும் பழைய அரிசியையும் ஓட்டி, கல்துகள் போய்விட்டதா என்று பார்த்த பிறகே உங்கள் பொருளைப் போடுவோம். நம் கடையில் வேலை செய்யும் தம்பியும் அந்த வாரத்தில் தெலுக் இந்தானில் தன் பெற்றோருடன் இருப்பார். விடுமுறை நாட்களில் வாட்சப் செய்திகளைப் பார்ப்போம். ஆனால் பதில் தாமதமாகலாம். நவம்பர் 16-க்குப் பிந்திய ஆர்டர்களை அப்போதும் அனுப்பி வைக்கலாம்.

சந்தேகம் ஏதேனும் இருந்தால் இந்த எண்ணில், மில் ஓடாத நேரமான மதியம் 1 மணி முதல் 2 மணிக்குள் அழையுங்கள். இச்செய்தியை நமது கடையில் அரைக்கும் உங்கள் உறவினர்களுக்கும் அனுப்பிவிட்டால் பேருதவியாக இருக்கும். வாட்சப் இல்லாத பெரியவர்களுக்காக இதே விவரத்தைக் கடைக் கதவிலும் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம்.

உங்கள் அனைவருக்கும் குடும்பத்தாருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்.

இப்படிக்கு,
உங்கள் மில் அக்கா
மாவு மில், ஜெலுத்தோங்