தளப் பணியிலிருந்து கட்டமைப்பு வடிவமைப்புக்கு மாறுவது குறித்து உங்களிடம் இருபது நிமிடம் பேச ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய சுமதி அக்கா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் அருண். இளநிலைக் கட்டடப் பொறியியல் படிப்பில் நந்தினியோடு நான்கு ஆண்டுகள் ஒரே வகுப்பில் படித்தவன். முதுநிலைப் படிப்பில் நீங்கள் அவருக்கு ஓராண்டு மூத்தவர் என்றும், இந்தத் துறை மாற்றத்தைப் பற்றி யாரிடமாவது கேட்பதானால் முதலில் உங்களிடம்தான் கேட்க வேண்டும் என்றும் அவர் சொல்லி, உங்கள் மின்னஞ்சல் முகவரியை உங்கள் அனுமதியோடு எனக்குத் தந்தார். அவர் வாயிலிருந்து ‘சுமதி அக்கா’ என்றே கேட்டுப் பழகியதால் நானும் அப்படியே எழுதிவிட்டேன். அறிமுகமில்லாதவன் உரிமை எடுத்துக்கொண்டதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கடந்த மூன்று ஆண்டுகளாக அடுக்குமாடிக் கட்டுமானம் ஒன்றில் தளப் பொறியாளராக வேலை செய்கிறேன். கம்பி கட்டுவதைச் சரிபார்ப்பது, கான்கிரீட் இடும்போது உடனிருப்பது, அளவுப் பட்டியல் தயாரிப்பது ஆகியவை என் அன்றாடப் பொறுப்புகள். வேலையில் குறையொன்றும் இல்லை. ஆனால் சென்ற ஆண்டு நடந்த ஒரு சிறு விஷயத்துக்குப் பிறகு என் கவனம் வடிவமைப்பின் பக்கம் திரும்பிவிட்டது. வரைபடத்தில் ஓர் உத்தரத்தின் மேற்பகுதிக்கு 25 மி.மீ. கம்பிகள் எட்டு கொடுக்கப்பட்டிருந்தன. அவை தூணோடு சேரும் இடத்தில், குறுக்கே வந்த மற்றோர் உத்தரத்தின் கம்பிகளோடு பின்னிக்கொண்டு, 40 மி.மீ. வைப்ரேட்டர் ஊசி உள்ளே இறங்க இடமில்லாமல் நெருக்கியடித்து நின்றன. வடிவமைப்பாளரிடம் படம் எடுத்து அனுப்பினேன். மறுநாளே அவற்றை 32 மி.மீ. கம்பிகள் ஐந்தாக மாற்றித் திருத்திய வரைபடம் வந்தது. மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 3,930 சதுர மி.மீட்டரிலிருந்து 4,020 ஆகிறது, கம்பிகளுக்கு நடுவே இடைவெளியும் கிடைக்கிறது என்பதை அன்று இரவு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு எளிதுதான். ஆனால் பிணைப்பு நீளம், விரிசல் அகலம் என்று அந்த ஒரு மாற்றத்தோடு இன்னும் எவற்றையெல்லாம் அவர் சரிபார்த்திருப்பார் என்று யோசித்தபோது, அந்த மேசையின் மறுபக்கம் உட்கார வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

நீங்களும் சில ஆண்டுகள் தளத்தில் வேலை செய்துவிட்டு, அதன்பின் முதுநிலை படித்துப் பால வடிவமைப்புக்குச் சென்றவர் என்று நந்தினி சொன்னார். வடிவமைப்பிலேயே தொடங்கியவர்கள் இருவரிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன். தளத்திலிருந்து வருபவனுக்கு எது இடிக்கும் என்பதை அவர்களால் சொல்ல முடியவில்லை. ஆகவே உங்களிடம் மூன்று விஷயங்களை மட்டும் கேட்க விரும்புகிறேன். வடிவமைப்பு அலுவலகத்தில் முதல் ஆறு மாதங்களில் உங்களுக்கு எது மிகக் கடினமாக இருந்தது? முதுநிலைப் பட்டம் இல்லாமல் கம்பி விவர வரைபடப் பிரிவில் நுழைந்து மெல்ல மேலே வருவது நடைமுறையில் சாத்தியமா, அல்லது அங்கேயே தேங்கிவிடுவோமா? கையால் போட்ட கணக்குகளைத் தொகுத்துக் காட்டினால் அதை யாராவது பொருட்படுத்துவார்களா? இரண்டாவது கேள்விக்கான பதிலைப் பொறுத்துத்தான் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கப்போகிறேன் என்பதால், நேரம் குறைவாக இருந்தால் அதற்கு மட்டும் பதில் கிடைத்தாலும் எனக்குப் பெரிய உதவி. வேலை வாய்ப்போ பரிந்துரையோ கேட்பதற்காக இதை எழுதவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

அழைப்பு இருபது நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஜூன் 9, செவ்வாய் இரவு 8 மணி, ஜூன் 11, வியாழன் காலை 7.30 மணி, ஜூன் 13, சனி முற்பகல் 11 மணி ஆகிய மூன்றில் எது உங்களுக்கு வசதியோ, ‘செவ்வாய்’ என்பதுபோல் ஒரே சொல்லில் பதில் அனுப்பினால் போதும். காணொளி அழைப்புக்கான இணைப்பை நானே அனுப்பிவிடுகிறேன். இம்மூன்றும் ஒத்துவராவிட்டால் அதற்கடுத்த வாரத்தில் எந்த நாள் மாலை 7 மணிக்குப் பிறகும் நான் தயார். பேச நேரமில்லை, ஆனால் பயணத்தின் நடுவே இரண்டு நிமிடம் குரல் பதிவாகச் சொல்ல முடியும் என்றால் அதையும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.

இந்த மாதம் உங்களுக்கு வேலை நெருக்கடி என்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள். பதில் வராவிட்டால் அப்படித்தான் என்று புரிந்துகொள்வேன். நந்தினி மூலம் நினைவூட்டித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

மிக்க நன்றியுடன்,
அருண்


பி.கு.: மேலே சொன்ன உத்தரத்தின் பழைய, புதிய கம்பி அமைப்பை ஒரு பக்கத்தில் கையால் வரைந்து இணைத்துள்ளேன். பேசுவதற்கு முன் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை.