முகூர்த்தத்திற்கு முன்

(பாம்பன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்க, ஊரே திருமண வீட்டில் கூடியிருக்கிறது. உள்ளறையில் மணமகள் கண்ணாடியின் முன் அமர்ந்திருக்கிறாள்; தம்பி வேட்டியோடு போராடுகிறான்.)

தம்பி: அக்கா, நீ சடை பின்னி முடிப்பதற்குள் தூக்குப்பாலம் இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டது.

அக்கா: எத்தனை சிக்கு விழுந்த வலையையும் பிரித்தெடுக்கும் குடும்பத்தில் பிறந்துவிட்டு, ஒரு வேட்டியை இடுப்பில் நிறுத்தத் தெரியாமல் பெல்ட்டைத் தேடுகிறவன் என் சடையைப் பற்றிப் பேசக் கூடாது.

தம்பி: உன் முகத்துப் பவுடரை வழித்தெடுத்தால், வாலிநோக்கம் உப்பளத்திற்கு இந்த ஆண்டு விடுமுறை கொடுத்துவிடலாம்.

அக்கா: கருவாட்டுக்குக் காவல் இருக்கச் சொன்னபோது, காக்கைகள் வயிறாரத் தின்று முடிக்கும் வரை குறட்டை விட்டவன்தானே நீ!

தம்பி: நீ வைத்த நண்டு ரசத்தை முகர்ந்த பூனை அன்றே அடுத்த தெருவுக்குக் குடிபெயர்ந்தது. மாப்பிள்ளைக்கு அந்த வசதியும் இல்லை.

அக்கா: அது இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு நீ போட வேண்டிய மச்சான் மோதிரம் எங்கே? கையை ஏன் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறாய்?

தம்பி: அளவு பார்க்கலாம் என்று மாட்டினேன். கழற்ற முடியவில்லை.

அக்கா: அறிவு வளராவிட்டாலும் விரலாவது வளர்ந்திருக்கிறதே! அந்தத் தேங்காயெண்ணெயை எடு.

(இருவரும் இழுக்கிறார்கள். மோதிரம் அசையவில்லை, வேட்டி அவிழ்கிறது.)

அம்மா (வெளியிலிருந்து): மாப்பிள்ளை வந்துவிட்டார்!

அக்கா: முதலில் வேட்டியைக் கட்டு, எருமையே!