பயாஸ் இல்லாததுதான் எப்போதும் நல்லதா? போட்டோவில் வந்த கணக்கு

கேள்வி:
அக்கா, பயிற்சித்தாளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன், ஓரம் கொஞ்சம் மங்கல். T1, T2-ன்னு இரண்டு எஸ்டிமேட்டர்களில் எம்.எஸ்.இ. படி எது சிறந்ததுன்னு கேட்டிருந்தாங்க. T1-க்கு பயாஸ் இல்லை, அதனால் அதுதான் சிறந்ததுன்னு எழுதினேன். சார் சுழிச்சுட்டார். ஏன்?

பதில்:
தம்பி, மங்கலா இருந்தாலும் படிக்க முடிஞ்சுது. முழுமைத் தொகுதியின் சராசரி μ, வேரியன்ஸ் σ². அதிலிருந்து சார்பில்லாமல் எடுத்த மூன்று மதிப்புகள் X1, X2, X3. μ-ஐக் கணிக்க எஸ்டிமேட்டர்கள் இரண்டு:

```
T1 = (X1 + X2 + X3)/3
T2 = (X1 + 2*X2 + X3)/5
```

T1-ல் சிக்கலே இல்லை. எம்.எஸ்.இ. என்பது வேரியன்ஸோடு பயாஸின் வர்க்கத்தைக் கூட்டியது. இங்கே பயாஸ் 0, எம்.எஸ்.இ. σ²/3.

T2-ல் கெழுக்களைக் கூட்டினால் 4/5தான் வருது, 1 வரலை. அதனால் E(T2) = 4μ/5, பயாஸ் −μ/5. இதுவரை நீ போட்டது சரி. அடுத்த வரியில்தான் வழுக்கிட்டே: Var(2X2)-ஐ 2σ² என்று எழுதியிருக்கே. வெளியே வரும்போது 2 வர்க்கமாகும், 4σ². நானும் முதல் வருஷத்தில் இதே இடத்தில் மார்க் விட்டிருக்கேன்.

```
Var(T2) = (1 + 4 + 1)σ²/25 = 6σ²/25
MSE(T2) = 6σ²/25 + (−μ/5)² = (6σ² + μ²)/25
```

பயாஸையும் வர்க்கமாக்காமல் அப்படியே கூட்டியிருக்கே. கூட்டினால் அலகே ஒத்துவராது: σ² சதுர செ.மீ.னா μ வெறும் செ.மீ.

இப்போ ஒப்பிடு. 6/25 = 0.24, 1/3 ≈ 0.333. வேரியன்ஸில் T2 ஜெயிக்குது, பயாஸில் தோற்குது. எது மிஞ்சுதுன்னு பார்க்க, T2-ன் எம்.எஸ்.இ. சிறிதாக இருக்க வேண்டிய நிபந்தனையை எழுதி இரண்டு பக்கமும் 75-ஆல் பெருக்கு:

```
18σ² + 3μ² < 25σ²
μ² < 7σ²/3
```

அதாவது |μ| சுமார் 1.53σ-க்குள் இருந்தால் T2, அதைத் தாண்டினால் T1. தாளில் கடைசி வரியில் σ² = 4, μ = 10 கொடுத்திருக்காங்க: T1-க்கு 1.33, T2-க்கு 0.96 + 4 = 4.96. T1 எளிதா ஜெயிக்குது. μ = 2 என்று மாற்றிப் பார், T2-க்கு 0.96 + 0.16 = 1.12. இப்போ பயாஸ் உள்ளதுதான் முன்னால நிக்குது!

உன் விடை T1 என்பது இந்த எண்களுக்குச் சரிதான். சார் சுழிச்சது காரணத்தை. "பயாஸ் இல்லை, ஆகவே சிறந்தது" என்பது எம்.எஸ்.இ. ஒப்பீடு ஆகாது.

தாளில் கேட்காத ஒன்று: T2-ல் நடு மதிப்புக்கு மட்டும் இரட்டை எடை தந்தது வீண். மூன்றுக்கும் 4/15 கொடுத்தால் பயாஸ் அதே −μ/5, வேரியன்ஸ் மட்டும் 0.24σ²-லிருந்து 0.213σ² ஆகக் குறையும். போட்டுப் பார்த்துட்டு, இந்தத் தடவை வெளிச்சத்தில் வெச்சு போட்டோ எடுத்து அனுப்பு.